முதல் தானியங்கிப் பணியைத் தெரிவு செய்தல்

முதல் தானியங்கிப் பணியைத் தெரிவு செய்தல் என்பது, விக்கிப்பீடியா போன்ற பொதுத் தளத்தில் நிரல் கொண்டு பக்கங்களைத் திருத்த விரும்பும் புதிய பயனர், தம் முதல் வேலையாக எதை எடுத்துக்கொள்வது என முடிவு செய்வதைக் குறிக்கும். மனிதர் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து செய்யும் மாற்றத்தைத் தானே செய்யும் நிரல், தமிழ் விக்கிப்பீடியாவில் *தானியங்கி* எனப்படுகிறது. தானியங்கி மிச்சப்படுத்தும் நேரம் ஒரு தட்டிலும், அது செய்யும் தவறு பலர் கண்ணில் படும் வாய்ப்பு மறு தட்டிலும் இருக்கின்றன. இந்த இரண்டையும் எவ்வாறு எடைபோடுவது என்பதைக் கன்னியாகுமரி மாவட்டக் கட்டுரைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

## பின்னணி

விக்கிப்பீடியாவில் தானியங்கிகளின் வரலாறு நீண்டது. 2002 ஆம் ஆண்டில் ஆங்கில விக்கிப்பீடியாவில் இராம்பாட் என்ற தானியங்கி, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவைக் கொண்டு அந்நாட்டு ஊர்களைப் பற்றி முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை உருவாக்கியது. பின்னர் சுவீடன் நாட்டவரான சுவெர்க்கர் யோகான்சன் இயக்கிய எல்எசுசேபாட், சுவீடிய மொழியிலும் பிலிப்பீன்சின் செபுவானோ மொழியிலும் இலட்சக்கணக்கான கட்டுரைகளை எழுதியது. ஊர், மலை, ஆறு ஆகியவற்றுக்கு அது பயன்படுத்திய புவியியல் தரவுத்தளத்தில் இருந்த பிழைகளும் அப்படியே கட்டுரைகளுக்குள் வந்துவிட்டன என்ற குறை அதன்மீது தொடர்ந்து கூறப்பட்டது. 2003 ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், நீச்சல்காரன் என்ற பயனர் உருவாக்கிய நீச்சல்பாட் தமிழ்நாட்டின் ஊராட்சிகள், கோயில்கள் குறித்து ஆயிரக்கணக்கான கட்டுரைகளைப் படைத்துள்ளது.

இவற்றைக் காணும் புதியவருக்குத் தம் மாவட்டத்துக்கும் இப்படி ஒன்றைச் செய்யலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. கன்னியாகுமரி மாவட்டத்தில் அகத்தீசுவரம், இராசாக்கமங்கலம், தோவாளை, குருந்தன்கோடு, தக்கலை, திருவட்டாறு, மேல்புறம், கிள்ளியூர், முஞ்சிறை ஆகிய ஒன்பது ஊராட்சி ஒன்றியங்களும், அவற்றுள் 95 ஊராட்சிகளும் உள்ளன. ஒரே அமைப்பில் எழுதத்தக்க 95 பக்கங்கள் என்பது நிரலுக்கு ஏற்ற வேலையாகத் தோன்றும். ஆனால் மேற்கண்ட தானியங்கிகளை இயக்கியோர் முதல் நாளிலேயே அவ்வளவு பெரிய வேலைக்குத் துணிய வேண்டும் என்ற தேவை எதுவும் புதியவருக்கு இல்லை. அவருக்கு முதலில் தேவைப்படுவது ஒரு கணக்கு.

## நேரக் கணக்கு

தானியங்கியால் மிச்சமாகும் நேரத்தைப் பலர் குறைத்துக் கணக்கிடுவதில்லை, கூட்டியே கணக்கிடுகிறார்கள். கையால் செய்ய ஆகும் நேரத்தை மட்டும் எழுதி, அது முழுவதும் மிச்சம் என்று கொள்வதே காரணம். அதிலிருந்து மூன்று செலவுகளைக் கழிக்க வேண்டும். கருவியைக் கற்று நிரலை அமைக்கும் நேரம் ஒன்று. நிரல் செய்த மாற்றங்களைப் பார்வையிடும் நேரம் இரண்டாவது. தவறானவற்றைத் திருத்தும் நேரம் மூன்றாவது.

ஓர் எடுத்துக்காட்டு. 95 ஊராட்சிப் பக்கங்களில் ஒரு சிறு திருத்தம் செய்ய வேண்டும் எனக் கொள்வோம். பக்கம் ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றால் கையால் செய்ய 190 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கருவியை நிறுவி, கற்று, சோதிக்கப் புதியவருக்கு ஆறு மணி நேரம், அதாவது 360 நிமிடம் ஆகலாம். ஒவ்வொரு மாற்றத்தையும் அரை நிமிடம் பார்வையிட்டால் ஏறக்குறைய 48 நிமிடம். தவறே நேராவிட்டாலும், 190 நிமிட வேலைக்கு 408 நிமிடம் செலவாகியிருக்கிறது. முதல் பணியில் நேரம் மிச்சமாகவில்லை. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகவே போயிற்று.

இதே நிரலை அடுத்த முறை பயன்படுத்தும்போது கற்றல் செலவு பெரிதும் குறைந்துவிடும். அப்போதுதான் மிச்சம் தொடங்குகிறது. ஆகவே முதல் பணியின் பயனைக் கற்றலில் தேட வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக முதல் பணியைப் பெரிதாக்குவது, கற்றல் செலவை அதிகப் பக்கங்களின் மேல் பரப்பிக் குறைத்துக்காட்டும் முயற்சியே ஆகும். தமிழ்நாடு முழுவதும் உள்ள ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளுக்கும் அதே திருத்தத்தைச் செய்தால், தாளில் முந்நூறு மணி நேரம் மிச்சமாகும். அந்தக் கணக்கில் மூன்றாவது செலவு இன்னும் சேர்க்கப்படவில்லை.

## தவற்றின் கணக்கு

நூற்றுக்கு ஒரு பக்கத்தில் நிரல் தவறு செய்கிறது எனக் கொள்வோம். 95 பக்கங்களில் அது ஒரு பக்கம். 12,500 பக்கங்களில் 125 பக்கம். 125 பக்கங்களைத் திருத்தப் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் 250 நிமிடம் போதும் என்று தோன்றும். அந்த 125 பக்கங்கள் எவை என்று தெரிந்தால்தான் அந்தக் கணக்கு சரி. தெரியாவிட்டால் 12,500 பக்கங்களையும் திறந்து பார்க்க வேண்டும்.

இதனால் முழுத் தவற்றைவிடச் சிதறிய தவறே அதிகச் செலவு வைக்கிறது. எல்லாப் பக்கங்களிலும் ஒரே மாதிரி தவறு நேர்ந்தால், அந்தத் தானியங்கியின் தொகுப்புகள் அனைத்தையும் மீளமைத்துவிடலாம். பக்க வரலாற்றில் பழைய பதிப்பு அப்படியே இருக்கிறது. சில பக்கங்களில் மட்டும் தவறு என்றால், சரியானவற்றைக் காத்துத் தவறானவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். இடையில் வேறொரு பயனர் அதே பத்தியில் திருத்தம் செய்திருந்தால், ஒரே சொடுக்கில் மீளமைக்கவும் இயலாது.

மீளமைத்தாலும் மீளாத தவறுகளும் உண்டு. பயனர் ஒருவரின் பேச்சுப் பக்கத்தில் தானியங்கி இட்ட தவறான எச்சரிக்கையை நீக்கலாம். அவர் அதைப் படித்துவிட்டார் என்பதை நீக்க முடியாது. ஊரின் மக்கள்தொகை தவறாகப் பதிந்த நாள்களில் அதைப் பார்த்துத் தம் செயல்திட்ட ஏட்டில் எழுதிய மாணவரின் ஏடு தானாகத் திருந்தாது. தேடுபொறிகளும் படியெடுக்கும் தளங்களும் பழைய எண்ணைச் சில காலம் காட்டிக்கொண்டே இருக்கும். மேலும், தானியங்கியின் தவறு பல பக்கங்களில் ஒரே வடிவில் இருப்பதால், ஐயம் கொண்டு அடுத்த பக்கத்தைப் பார்ப்பவருக்கு அது உறுதிப்படுத்தும் சான்றாகவே தோன்றும். மனிதர் செய்யும் தட்டச்சுப் பிழைக்கு இந்த ஆற்றல் இல்லை.

## நான்கு பணிகளின் ஒப்பீடு

கன்னியாகுமரி மாவட்டக் கட்டுரைகளில் புதியவர் மனத்தில் இயல்பாகத் தோன்றக்கூடிய நான்கு பணிகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. மாற்றப்படுவது எல்லா இடத்திலும் தவறுதானா? தவறாக மாற்றினால் பார்த்தவுடன் தெரியுமா? ஒருவரே ஓர் அமர்வில் திரும்பச் சரிசெய்ய முடியுமா?

ஊராட்சிக் கட்டுரைகளைத் தரவிலிருந்து உருவாக்குதல். ஈர்ப்பு மிகுந்த பணி இதுவே. முதல் பணியாகத் தகுதி குறைந்ததும் இதுவே. ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கலாம். வருவாய்க் கிராமத்தின் எல்லையும் ஊராட்சியின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அட்டவணையில் ஒரு வரி நழுவினால், அதற்குக் கீழுள்ள ஒவ்வோர் ஊருக்கும் அடுத்த ஊரின் மக்கள்தொகை போய்ச் சேரும். எண் எண்ணாகவே இருப்பதால் பார்த்தவுடன் தெரியாது. இரண்டாம் கேள்வியிலேயே இப்பணி தோற்றுவிடுகிறது.

நாகர்கோவில் நகராட்சி என்பதை மாநகராட்சி என மாற்றுதல். நாகர்கோவில் 2019 ஆம் ஆண்டில் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. எனவே பழைய கட்டுரைகளில் மாற்றம் தேவைதான். ஆனால் அதற்கு முற்பட்ட ஆண்டுகளைப் பற்றிய வரியில் நகராட்சி என்பதே சரி. நகராட்சித் தலைவராக இருந்த ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பில் அதை மாற்றினால் வரலாறு பிழையாகும். வரி எந்தக் காலத்தைப் பேசுகிறது என்பதை நிரல் அறியாது. முதல் கேள்வியில் இப்பணி தோற்கிறது.

குமரி மாவட்டம் என்பதைக் கன்னியாகுமரி மாவட்டம் என மாற்றுதல். குமரி மாவட்டம் என்பது மக்களிடையே வழங்கும் பெயர். அது தவறே அன்று. இருந்தும் ஒரே சீராக இருக்கட்டும் என்று எளிய தேடி மாற்றும் கட்டளையைக் கொடுத்தால், ஏற்கனவே சரியாக இருந்த பெயர் 'கன்னியாகன்னியாகுமரி மாவட்டம்' என ஆகிவிடும். தேடிய சொல் பெரிய சொல்லின் உள்ளே இருந்ததே காரணம். இதன் தொழில்நுட்பக் காரணம் கீழே தனியாக விளக்கப்பட்டுள்ளது.

கன்யாகுமரி என்ற எழுத்துமுறை வரும் பக்கங்களைப் பட்டியலிடுதல். இந்தப் பணியில் நிரல் எதையும் மாற்றுவதில்லை. பக்கங்களைப் படித்து, அந்தச் சொல் எங்கெங்கு வருகிறது என்று ஒரு பட்டியல் தருகிறது. பட்டியல் பயனரின் கணினியிலேயே இருக்கும். அது தவறாக இருந்தாலும் பொதுவெளியில் எதுவும் நிகழ்ந்துவிடாது. அதே நேரத்தில், கருவியை நிறுவுதல், பகுப்பைத் தருதல், தேடல் வடிவம் எழுதுதல் எனக் கற்க வேண்டியவை யாவும் இதில் உள்ளன. ஆறு மணி நேரக் கற்றல் செலவு முழுவதும் இங்கேயே ஆபத்தின்றித் தீர்ந்துவிடும். முதல் பணியாக ஏற்றது இது.

## பணியை நடத்தும் முறை

தமிழ் விக்கிப்பீடியாவில் பைத்தான் மொழியில் அமைந்த பைவிக்கிபாட் என்ற கட்டற்ற கருவி பயன்படுகிறது. பட்டியலிடும் கட்டளை கீழ்க்கண்டவாறு அமையும்.

```
python pwb.py listpages -lang:ta -family:wikipedia -catr:"கன்னியாகுமரி மாவட்டம்" -ns:0 -grep:"கன்யாகுமரி"
```

இதில் `-catr` என்பது பகுப்பையும் அதன் துணைப் பகுப்புகளையும் குறிக்கும். `-ns:0` என்பது கட்டுரைகளை மட்டும் எடுக்கும். பேச்சுப் பக்கங்களை விட்டுவிடும். `-grep` அந்தச் சொல் உள்ள பக்கங்களை மட்டும் வடிகட்டும். துணைப் பகுப்புகள் வழியாக மாவட்டத்தில் பிறந்தவர்கள், அவர்களின் நூல்கள் என எதிர்பாராத பக்கங்களும் பட்டியலுக்குள் வரும். இதைத் திருத்தம் செய்யும் நிரலில் அல்லாமல் பட்டியலிலேயே கண்டுகொள்வது இப்பணியின் முதல் பயன்.

அடுத்து, பட்டியலில் உள்ள பக்கங்களைப் பயனர் தாமே திறந்து பார்த்து, அச்சொல் வரும் இடங்களை வகைப்படுத்த வேண்டும். சாதாரண உரைநடையில் வருபவை ஒரு வகை, இவற்றை மாற்றலாம். நூற்பெயர், மேற்கோள் ஆகியவற்றில் வருபவை இன்னொரு வகை. ஜெயமோகன் எழுதிய புதினம் ஒன்றின் பெயரே 'கன்யாகுமரி'. அதை மாற்றினால் நூலின் பெயர் பிழையாகும், அந்த நூல் பற்றிய பக்கத்துக்கான இணைப்பும் சிவப்பாகிவிடும். மூன்றாம் வகை, படக்கோப்பின் பெயரிலும் இணைய முகவரியிலும் வருபவை. அவற்றில் ஓர் எழுத்து மாறினாலும் படம் மறையும், முகவரி திறக்காது.

இந்த வகைப்பாட்டுக்குப் பிறகு, முதலாம் வகைப் பக்கங்களின் தலைப்புகளை மட்டும் ஒரு கோப்பில் எழுதி, இரண்டாம் படிக்குச் செல்லலாம். இங்கே முதன்முறையாக மாற்றும் கட்டளை வருகிறது. ஆயினும் அது இன்னும் சேமிக்காது.

```
python pwb.py replace -lang:ta -family:wikipedia -file:pattiyal.txt -simulate -exceptinsidetag:link -exceptinsidetag:file -exceptinsidetag:hyperlink "கன்யாகுமரி" "கன்னியாகுமரி"
```

`-simulate` என்பது ஒத்திகை. மாற்றம் எப்படி இருக்கும் என்று திரையில் காட்டும். தளத்தில் எதையும் எழுதாது. `-exceptinsidetag` என்ற மூன்றும் உள்ளிணைப்பு, படம், வெளி முகவரி ஆகியவற்றுக்குள் கைவைக்க வேண்டாம் என்று சொல்கின்றன. இந்தக் காவலிலும் ஓர் ஓட்டை உண்டு. தகவற்பெட்டியில் படத்தின் பெயர் இரட்டை அடைப்பு இல்லாமல் வெறும் பெயராக எழுதப்பட்டிருக்கும். நிரல் அதைப் படம் என்று அறியாமல் மாற்றிவிடும். ஒத்திகையில் தகவற்பெட்டி வரிகளைத் தனியாகப் பார்க்க வேண்டியதன் காரணம் இதுவே.

ஒத்திகை நிறைவாக இருந்தால் `-simulate` என்பதை நீக்கிவிட்டு இயக்கலாம். கருவி ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றத்தைக் காட்டி, ஏற்பதா வேண்டாமா என்று கேட்கும். கேட்காமல் எல்லாவற்றையும் சேமிக்கச் சொல்லும் `-always` என்ற கட்டளை முதல் பணியில் இடம்பெறக் கூடாது. கேள்விக்கு விடை தரும் அந்தச் சில நொடிகளே நேரக் கணக்கில் நாம் எழுதிய பார்வையிடும் நேரம். அதை இங்கே செலவிட்டால், பின்னர் செலவிட வேண்டியதில்லை.

## தமிழ் எழுத்தும் சொல் எல்லையும்

சொல்லின் உள்ளே சொல் அகப்படும் சிக்கலுக்கு, நிரல் நூல்கள் ஒரு தீர்வைச் சொல்கின்றன. தேடும் சொல்லின் இருபுறமும் `\b` என்ற குறியை இட்டால், தனிச் சொல்லாக வருவதை மட்டும் அது பிடிக்கும் என்பது அது. ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் பைத்தானின் `re` தொகுதியைக் கொண்டு அதைச் செய்தால் விளைவு தலைகீழாகிறது.

```
import re
re.findall(r'\bகுமரி\b', 'குமரி மாவட்டம்')      # []
re.findall(r'\bகுமரி\b', 'கன்னியாகுமரிக்கு')    # ['குமரி']
```

முதல் வரியில் குமரி தனிச் சொல்லாக இருந்தும் அகப்படவில்லை. இரண்டாம் வரியில் வேறொரு சொல்லின் நடுவில் இருந்தும் அகப்பட்டுவிட்டது. காரணம், பைத்தான் க, ம, ர போன்ற எழுத்துகளைச் சொல்லின் உறுப்பாகக் கொள்கிறது. ஆனால் துணைக்கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகளைச் சொல்லின் உறுப்பாகக் கொள்வதில்லை. 'கன்னியா' என்பதன் இறுதியில் உள்ள துணைக்காலோடு சொல் முடிந்துவிட்டதாக அது எண்ணுகிறது. அதனால் அடுத்துள்ள 'கு' புதிய சொல்லின் தொடக்கமாகிறது. குமரி என்ற தனிச் சொல்லின் இறுதியிலோ இகரக் குறியும் இடைவெளியும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டுமே சொல்லுக்கு வெளியே உள்ளவை என்பதால், அங்கே எல்லை இருப்பதாக அதற்குத் தோன்றுவதில்லை.

இதற்கு மாற்றாக, முன்னால் எந்தத் தமிழ் எழுத்தோ குறியோ இருக்கக் கூடாது என்று ஒருங்குறி எல்லையைக் கொண்டு சொல்ல வேண்டும்.

```
(?<![\u0B80-\u0BFF])குமரி மாவட்ட
```

இந்த வடிவத்தில் முன்புறம் மட்டும் காவல் உண்டு, பின்புறம் திறந்திருக்கிறது. மாவட்டம், மாவட்டத்தில், மாவட்டத்தின் என வேற்றுமை உருபு ஏற்று வரும் வடிவங்களும் அகப்பட வேண்டும் என்பதற்காக 'மாவட்ட' என்பதோடு நிறுத்தப்பட்டுள்ளது. சொல்லின் பின்புறத்தை அடைத்தால் உருபேற்ற சொற்கள் தப்பும். திறந்துவிட்டால் தொடர்பில்லாத சொற்கள் சேரும். எதைத் தெரிவு செய்தாலும் பட்டியலைக் கண்ணால் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். படிக்கும் பணியாக இருந்தால், இந்தத் தவறு பட்டியலில் சில வரிகள் கூடுவதோடு முடியும். மாற்றும் பணியாக இருந்தால் அதே தவறு கட்டுரைகளில் 'கன்னியாகன்னியாகுமரி' என்று நிற்கும்.

## வேகமும் வெளிப்படைத்தன்மையும்

பைவிக்கிபாட் இயல்பாக ஒரு தொகுப்புக்கும் அடுத்த தொகுப்புக்கும் இடையே பத்து நொடி விடுகிறது. கேள்வியின்றி ஓடவிட்டால் 95 பக்கங்கள் பதினாறு நிமிடத்தில் முடிந்துவிடும். ஐந்து நிமிடம் கழித்து யாராவது தவற்றைச் சுட்டினால், அதற்குள் முப்பது பக்கங்கள் மாறியிருக்கும். அமைப்புக் கோப்பில் `put_throttle = 60` என்று எழுதி இடைவெளியை ஒரு நிமிடமாக்கினால், அதே ஐந்து நிமிடத்தில் ஐந்து பக்கங்களே மாறியிருக்கும். வேலை ஒன்றரை மணி நேரம் நீளும். அந்நேரம் முழுவதும் பயனர் அருகிலேயே இருந்து, தேவைப்பட்டால் `Ctrl+C` அழுத்தி நிறுத்த வேண்டும். நிரலை ஓடவிட்டுவிட்டு உறங்கச் செல்வது பின்னாளைய பணிகளுக்கு உரியது.

தானியங்கிக்குத் தனிக் கணக்கு வைப்பதும், அதன் பயனர் பக்கத்தில் இயக்குபவர் யார், என்ன வேலை செய்கிறது என்று எழுதுவதும் விக்கிப்பீடியா வழக்கம். செய்யப்போகும் வேலையை ஆலமரத்தடியில் முன்கூட்டியே அறிவித்துக் கருத்துக் கேட்பதும் அவ்வாறே. இதனால் கிடைப்பது அனுமதி மட்டுமன்று. குமரி மாவட்டம் என்பது தவறன்று, ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்கக்கூடிய ஒருவர் அங்கே இருக்கக்கூடும். அந்தக் கேள்வி 95 பக்கங்களுக்கு முன் வந்தால் ஒரு பதிலோடு முடியும்.

தானியங்கி அணுக்கம் பெற்ற கணக்கின் தொகுப்புகள், அண்மைய மாற்றங்கள் பக்கத்தில் இயல்பாக மறைக்கப்படும். பிற பயனர்களின் பார்வையை ஆயிரக்கணக்கான சிறு மாற்றங்கள் மறைத்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. நம்பகமான நிரலுக்கு இது பொருத்தம். சோதிக்கப்படாத நிரலுக்கு இது தவற்றையும் சேர்த்து மறைக்கும். எனவே முதற்சில தொகுப்புகள் எல்லோர் கண்ணிலும் படும்படி, குறைந்த எண்ணிக்கையில், தெளிவான தொகுப்புச் சுருக்கத்தோடு நடப்பது நல்லது. பிழை வெளியே தெரிவது புதியவருக்கு அச்சம் தரலாம். ஆனால் பத்துப் பக்கங்களில் தெரிந்த பிழைக்கு விலை குறைவு. மறைந்து கிடந்து ஆயிரம் பக்கங்களில் தெரியவரும் பிழைக்கே விலை அதிகம். முற்றிலும் புதிய நிரலைச் சோதிக்க `test.wikipedia.org` என்ற தனித் தளமும் உண்டு. அங்கு உடைவதால் வாசகருக்கு இழப்பில்லை.

## எத்தனை பார்த்தால் போதும்

முப்பது பக்கங்களைச் சரிபார்த்தேன், ஒன்றிலும் பிழை இல்லை, ஆகவே நிரல் சரி என்று முடிவு செய்வது பொதுவான தவறு. புள்ளியியலில் *மூன்றின் விதி* என்று ஒன்று உண்டு. குலுக்கல் முறையில் எடுத்த மாதிரியில் ஒரு பிழையும் இல்லை என்றால், உண்மையான பிழை விகிதத்தின் மேல்வரம்பு, மூன்றை மாதிரி எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதாகும். இம்முடிவு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதி உடையது. முப்பது பக்கங்கள் என்றால் 3/30, அதாவது பத்து விழுக்காடு வரை பிழை ஒளிந்திருக்கலாம். முந்நூறு பக்கங்கள் என்றால் ஒரு விழுக்காடு வரை. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு பக்கங்களில் ஒரு விழுக்காடு என்பது மேலே கண்ட அதே 125 பக்கங்கள்.

95 பக்கப் பணியில் இந்தச் சிக்கலே எழுவதில்லை, ஏனெனில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஒருவர் ஓர் அமர்வில் முழுவதும் பார்த்து முடிக்கக்கூடிய அளவே முதல் மாற்றும் பணியின் மேல்வரம்பு. அகரவரிசையில் முதல் முப்பதை மட்டும் பார்ப்பதும் மாதிரி ஆகாது. ஒன்பது ஒன்றியங்களில் ஓர் ஒன்றியத்தின் கட்டுரைகளை ஒரு பயனரும் மற்றொன்றின் கட்டுரைகளை வேறொரு பயனரும் வேறு வேறு அமைப்பில் எழுதியிருக்கலாம். ஒவ்வோர் ஒன்றியத்திலிருந்தும் சில பக்கங்களாவது பார்வைக்கு வர வேண்டும்.

## அடுத்த பணிக்குச் செல்லுதல்

பட்டியலிடும் பணியும், ஒவ்வொன்றாக ஏற்றுச் சேமித்த சிறு திருத்தப் பணியும் முடிந்த பிறகு, அடுத்ததைத் தீர்மானிக்கப் பயனரிடம் இப்போது ஒரு குறிப்பேடு இருக்கும். எத்தனை பக்கங்களில் 'வேண்டாம்' என்று விடை தந்தோம், ஏன் தந்தோம் என்பதே அதில் மதிப்புள்ள பகுதி. அறுபது பக்கங்களில் பன்னிரண்டுக்கு 'வேண்டாம்' என்று சொல்ல நேர்ந்திருந்தால், அந்த நிரல் ஐந்தில் ஒரு முறை மனிதரை நம்பியிருக்கிறது. அதைக் கேள்வியின்றி ஓடவிட முடியாது. அந்தப் பன்னிரண்டும் நூற்பெயர், படப்பெயர் போன்ற ஓரிரு காரணங்களுக்குள் அடங்கினால், அவற்றை விதிகளாக எழுதி நிரலில் சேர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு காரணம் இருந்தால், அந்தப் பணி நிரலுக்கு உரியதன்று. பட்டியலை மட்டும் நிரல் தரட்டும். திருத்தத்தை மனிதர் செய்யட்டும் என்று விட்டுவிடுவதே அதற்குச் சரியான முடிவு.